பாதி நியாயமான முறைப்பாட்டுக்கு எப்படிப் பதில் எழுதுவது? (பேன்ட்ரி அலுமாரி விவகாரம்)

நிரஞ்சனா

அனைவருக்கும் வணக்கம். என் தமையனாரின் தச்சுப் பட்டறை கொலன்னாவையில் இருக்கிறது. விலைமதிப்பு, பற்றுச்சீட்டு, கடிதங்கள் எல்லாவற்றையும் நான்தான் கவனிக்கிறேன். வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்புக்கு 640,000 ரூபாய்க்கு பேன்ட்ரி அலுமாரி செய்து பொருத்திக் கொடுத்தோம். மார்ச் 14ஆம் திகதி முடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தோம். 25ஆம் திகதிதான் முடிந்தது. அந்தப் பதினொரு நாளில் ஐந்து நாள் அவருடைய தாமதம், ஏனென்றால் அவர் வாங்கித் தரவேண்டிய சிங்க் ஐந்து நாள் பிந்தித்தான் வந்தது.

மே 16ஆம் திகதி அந்த வாடிக்கையாளர் ஒரு நீண்ட மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். வேலை தாமதமானது, மேல் அலுமாரியின் இரண்டு கதவுகள் சரிந்து நிற்கின்றன, சிங்குக்குக் கீழேயுள்ள அலுமாரியின் அடிப்பலகையும் ஒரு பக்கப்பலகையும் நீரில் ஊதிவிட்டன என்று மூன்று குறைகளைச் சொல்லி, முழுப் பணத்தையும் திருப்பித் தரவேண்டும், இல்லையேல் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போவேன் என்கிறார். அவர் இன்னும் 100,000 ரூபாய் மிகுதி தரவேண்டியிருக்கிறது.

பலகை ஊதியதற்குக் காரணம் சிங்கின் அடியிலுள்ள கழிவுநீர் ட்ராப் கசிந்தது. அதைப் பொருத்தியவர் அவர் பிடித்த பிளம்பர் பாஸ். எங்கள் விலைமதிப்பில் குழாய் வேலை அடங்காது என்று எழுதியே கொடுத்திருக்கிறோம். ஆனால் எங்கள் பையனிடம் கேட்டபோது, அடிப்பலகையில் குழாய்க்காக வெட்டிய இரண்டு துளைகளின் ஓரத்துக்கும் சிலிக்கன் பூசவில்லை என்று ஒப்புக்கொண்டான். அது வாடிக்கையாளருக்குத் தெரியாது.

நான் எழுதிய வரைவு இதுதான்:

"தங்களுக்கு ஏற்பட்ட அனைத்துச் சிரமங்களுக்கும் முழு மனதுடன் மன்னிப்புக் கோருகிறோம். எமது கவனக்குறைவினால் ஏற்பட்ட இந்நிலைமைக்கு முழுப் பொறுப்பையும் ஏற்கிறோம். எனினும் பலகை ஊதியமைக்குத் தங்கள் பிளம்பரே காரணம் என்பதையும் அறியத்தருகிறோம். ஆகவே பணத்தைத் திருப்பித் தர இயலாது."

அனுப்புவதற்கு முன் உங்களிடம் கேட்கத் தோன்றியது. இரண்டு நாளாக இதை வைத்துக்கொண்டு திருத்தித் திருத்திப் பார்க்கிறேன், மனம் ஒப்பவில்லை.

றிஸ்வான்

தங்கச்சி, அதை அனுப்பவே வேண்டாம். புறக்கோட்டையில் இருபது வருடமாகக் கடை நடத்துகிறேன். எழுத்தில் ஒரு தவறையும் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதை நட்டப்பட்டுத்தான் கற்றேன். தொலைபேசியில் எடுத்துக் கதையுங்கள், பையனை அனுப்பிக் கதவை நிமிர்த்திக் கொடுங்கள், பலகை விடயத்தில் "அது பிளம்பர் வேலை" என்ற ஒரே வரியில் நில்லுங்கள். சிலிக்கன் பூசாததைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால் கடிதத்தின் தலைப்பில் "உரிமைகளுக்குப் பங்கமின்றி" என்று போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு அந்தக் கடிதத்தை எந்த இடத்திலும் உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாது.

தர்ஷினி

அக்கா, நீங்கள் பயப்படத் தேவையில்லை. இப்படிப்பட்டவர்களிடம் பணத்தைத் திருப்பி வாங்க 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து அதிகாரசபையில் சொல்லலாம். எனக்கும் இதே மாதிரி நடந்தது. சலவை இயந்திரத்தைத் திருத்தக் கொடுத்தேன். பத்து நாளில் மீண்டும் நின்றுவிட்டது. கேட்டதற்கு "தங்களுக்குச் சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்று ஒரு வரி அனுப்பினார்கள். ஏற்பட்டிருந்தாலாம்! நான் கைக்குழந்தையின் துணிகளைக் கையால் துவைத்துக்கொண்டிருக்கும்போது ஏற்பட்டதா இல்லையா என்று அவர்களுக்குச் சந்தேகம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் முறைப்பாடு கொடுத்தேன்.

நிரஞ்சனா

தர்ஷினி, நான் வாடிக்கையாளர் அல்ல. முறைப்பாடு எங்கள் மேல்தான் வந்திருக்கிறது. ஆனாலும் நீங்கள் சொன்ன "ஏற்பட்டிருந்தால்" என்பதைக் குறித்துக்கொண்டேன். என்னுடைய முந்தைய வரைவு ஒன்றில் அதே சொல் இருந்தது.

செல்வநாயகம்

மகள், நான் வீட்டுப் பாவனைப் பொருட்களை இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் வரைவின் குறை எதுவென்றால், அது ஒரே நேரத்தில் இரண்டு எதிர்த்திசைகளில் பிழைக்கிறது. முதல் இரண்டு வாக்கியங்கள் வாடிக்கையாளர் கேட்காததையும் சேர்த்துக் கொடுத்துவிடுகின்றன. கடைசி இரண்டு வாக்கியங்கள் கொடுத்ததையெல்லாம் பிடுங்கிக்கொள்கின்றன. படிப்பவருக்கு மன்னிப்பும் பொய்யாகத் தெரியும், மறுப்பும் பொய்யாகத் தெரியும். நாளை ஒரு விசாரணை என்று வந்தால் முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் வெட்டியெடுத்து வைப்பார்கள்.

சொற்களைப் பாருங்கள். "அனைத்து" என்று எழுதியவுடன் தாமதம், கதவு, பலகை மூன்றும் ஒரே மூட்டையாகிவிட்டன. "இந்நிலைமை" என்ற சொல்லும் அப்படித்தான், எந்த நிலைமை என்று அதற்கு எல்லையில்லை. "கவனக்குறைவு" என்பது உங்கள் வாயிலிருந்து வரவேண்டிய சொல்லே அல்ல, ஏனென்றால் உங்கள் மேல் நட்டஈடு கேட்பவர் நிரூபிக்க வேண்டிய விடயமே அதுதான். "பொறுப்பு" என்ற சொல்லோ தமிழில் இரண்டு வேலை செய்கிறது: ஒரு காரியத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பதும் பொறுப்பு, குற்றம் என்னுடையது என்பதும் பொறுப்பு. நீங்கள் முதலாவது பொருளில் எழுதுவீர்கள். அவர் இரண்டாவது பொருளில் படிப்பார். அந்தச் சொல்லுக்குப் பதிலாகச் செய்யப்போகும் வேலையை எழுதுங்கள்: "கதவுகளை வந்து சரிசெய்து தருகிறோம்." அது போதும்.

ஆனால் கடிதத்துக்கு முன் ஒரு கேள்வி. சிங்க் பிந்தியது என்கிறீர்கள். சிங்க் எப்போது தேவைப்பட்டது, எப்போது வந்தது, உங்கள் பலகைகள் பட்டறைக்கு எப்போது வந்தன? திகதிகளைத் தாருங்கள்.

நிரஞ்சனா

ஐயா, சிங்க் மார்ச் 10ஆம் திகதி தேவைப்பட்டது; அவர் 15ஆம் திகதிதான் தந்தார். பலகைகள் 6ஆம் திகதி வரவேண்டியவை. அவர் தெரிவு செய்த நிறம் கையிருப்பில் இல்லாததால் வழங்குநர் 17ஆம் திகதிதான் அனுப்பினார்.

செல்வநாயகம்

அப்படியானால் அந்த ஐந்து நாளை மறந்துவிடுங்கள். சிங்க் 10ஆம் திகதியே வந்திருந்தாலும் வெட்டுவதற்கு 17ஆம் திகதி வரை உங்களிடம் பலகை இல்லை. அவருடைய தாமதம் உண்மையானதுதான், ஆனால் அது உங்கள் தாமதத்துக்குள்ளேயே அடங்கிப்போனது. வேலையை ஒரு நாள்கூடத் தள்ளவில்லை. பலகை பதினொரு நாள் பிந்தியது, வேலையும் பதினொரு நாள் பிந்தியது. முழுவதும் உங்களுடையது. வழங்குநரின் பிழை என்றும் எழுத வேண்டாம். வாடிக்கையாளர் பணம் கொடுத்தது வழங்குநருக்கு அல்ல.

இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், முறைப்பாட்டில் பாதிதான் நியாயம் என்று நாம் நினைக்கும்போது அந்தப் பாதியை நாமே குறைத்து அளப்பது வழக்கம். ஐந்து நாளை அவர் தலையில் கட்டிக் கடிதம் போனால், சிங்க் தந்த நாளையும் பலகை வந்த நாளையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அதற்குப் பிறகு ட்ராப்பைப் பற்றி நீங்கள் சொல்லும் உண்மையையும் அவர் நம்பமாட்டார்.

மரவேலை மனோ

நான் கொட்டாஞ்சேனையில் பேன்ட்ரி வேலைதான் செய்கிறேன். எழுத்து வேலை எனக்குத் தெரியாது, பலகையைப் பற்றிச் சொல்கிறேன். ட்ராப்தான் கசிந்தது என்று முடிவு செய்யுமுன் பலகை எங்கே ஊதியிருக்கிறது என்று பார்த்தீர்களா? சிப்போர்ட்டின் மேல்முகத்தில் மெலமைன் பூச்சு இருக்கும்வரை நீர் சில மணி நேரம் தேங்கினாலும் உள்ளே இறங்காது. வெட்டிய ஓரம் எங்கே திறந்திருக்கிறதோ அங்கேதான் குடிக்கும். சிங்கின் விளிம்பு வழியாக மேலிருந்து இறங்கியிருந்தால் பக்கப்பலகையின் மேல் ஓரமும் முன் சட்டமும் முதலில் ஊதியிருக்கும். தரை கழுவிய நீர் என்றால் பக்கப்பலகையின் அடி ஓரம் வரிசையாக ஊதும், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில். ட்ராப்பிலிருந்து சொட்டியிருந்தால் அடிப்பலகையின் நடுவில், துளையைச் சுற்றி வட்டமாகத் தடிக்கும், பிறகு நீர் சாய்ந்த பக்கத்து மூட்டுக்குப் போகும்.

வேர்னியர் ஒன்றை எடுத்துப் போய் அளந்து, அளவுகோலும் தெரியும்படி படமும் எடுங்கள். இன்னொன்று, ஊதிய சிப்போர்ட் காய்ந்தாலும் பழைய தடிப்புக்குத் திரும்பாது. மாற்றத்தான் வேண்டும். காய வைத்துத் தருகிறேன் என்று தெரியாமல் எழுதிவிடாதீர்கள்.

நிரஞ்சனா

மனோ அண்ணா, நன்றி. நேற்று நானும் தமையனாரும் போய்ப் பார்த்தோம். பலகை 18 மில்லிமீற்றர். பின்பக்கத் துளையின் ஓரத்தில் 23, இன்னொரு துளையில் 21, துளையிலிருந்து ஒரு சாண் தள்ளி அளந்தால் 18தான். இடப்பக்கப் பலகையின் அடி ஓரம், அடிப்பலகையுடன் சேரும் மூட்டில் மட்டும், 20. மேல் ஓரங்கள் சரியாக இருக்கின்றன. வலப்பக்கம் சுத்தமாக இருக்கிறது. மே 2ஆம் திகதி ட்ராப்பின் நட்டிலிருந்து நீர் சொட்டுவதையும் கீழே ஒரு வாளி வைத்திருப்பதையும் அவரே வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பியிருந்தார். நாங்கள் அப்போது பிளம்பரை அழைக்கச் சொன்னோம்.

கதவு இரண்டிலும் பிணைச்சலின் திருகாணி பலகையில் பிடி விட்டிருந்தது. சரிப்படுத்தும் திருகைத் திருப்பினால் நிமிரவில்லை. அது எங்கள் வேலைதான்.

றிஸ்வான்

பார்த்தீர்களா, பலகை விடயத்தில் நான் சொன்னதுதான் சரி. கசிந்தது அவர்களுடைய ட்ராப். படமும் அவர்களே தந்திருக்கிறார்கள். பிறகு ஏன் சிலிக்கனைப் பற்றி எழுத வேண்டும்?

கல்கிசை வாசி

நான் சட்டத்தரணியாகத் தொழில் செய்கிறேன். இது பொதுவான கருத்து மட்டும், உங்கள் வழக்குக்கான ஆலோசனை அல்ல. றிஸ்வான் நானா சொன்னதில் பாதி சரியானது, மற்றப் பாதி ஆபத்தானது.

எழுத்திலுள்ள ஒப்புதல் எதிராகப் பயன்படும் என்பது சரி. வாட்ஸ்அப் செய்தியானாலும் அப்படித்தான். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் வந்தபிறகு அது மின்னஞ்சல்தானே, குறுஞ்செய்திதானே என்று தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் ஒப்புதல் என்பது கதவை அடைத்துப் பூட்டுவதும் அல்ல. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, ஒப்புதல் முடிந்த முடிவான நிரூபணம் அல்ல என்கிறது. ஆகவே நடந்த ஒரு சிறிய உண்மையை அதன் அளவுக்கு ஒப்புக்கொள்வதால் வானம் இடிந்து விழாது. அளவில்லாத சொற்களால் ஒப்புக்கொள்வதுதான் பின்னால் மீளக் கடினமானது.

"உரிமைகளுக்குப் பங்கமின்றி" என்ற தலைப்பைப் பற்றி: 23ஆம் பிரிவின்படி சிவில் விடயங்களில், சான்றாகக் காட்டப்படக் கூடாது என்ற வெளிப்படையான நிபந்தனையுடன் செய்த ஒப்புதல், அல்லது இரு தரப்பும் அப்படி இணங்கியதாக நீதிமன்றம் ஊகிக்கத்தக்க சூழ்நிலையில் செய்த ஒப்புதல், ஏற்கப்படாது. இது சமரசப் பேச்சுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. என்ன நடந்தது, எப்போது வந்து திருத்துவோம் என்று சொல்லும் சாதாரணப் பதிலின் தலையில் அந்தச் சொற்களை ஒட்டினால் இரண்டு கெடுதல்கள் வரும். ஒன்று, நாளை அதிகாரசபையில் "நாங்கள் உடனே பதில் அளித்தோம், திருத்தித் தர முன்வந்தோம்" என்று காட்ட வேண்டிய கடிதத்தையே நீங்கள் மறைவுக்குள் தள்ளிவிடுகிறீர்கள். மற்றது, சண்டைக்கு ஆயத்தமாகிறார்கள் என்று வாடிக்கையாளர் அதைப் படிக்கிறார். எனவே இரண்டு கடிதங்கள் எழுதுங்கள். உண்மைகளும் திருத்த வேலையும் உள்ளது திறந்த கடிதம். பணத்தில் விட்டுக்கொடுப்பதாக இருந்தால் அது தனிக் கடிதம், அதற்குத்தான் அந்தத் தலைப்பு.

சிலிக்கனை மறைப்பது பற்றி: சேவையை உரிய கவனத்துடனும் திறமையுடனும் செய்வோம் என்ற உத்தரவாதத்தை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் நீங்கள் எழுதாமலே உங்கள் ஒப்பந்தத்துக்குள் வைத்திருக்கிறது. நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் நடத்தையையும் அதே சட்டம் தடை செய்கிறது. காரணம் முழுவதும் பிளம்பர் என்று தெரிந்தே எழுதுவது அந்தக் கோட்டின் மேல் காலை வைப்பது.

மரவேலை மனோ

சட்டம் கிடக்கட்டும் நானா. அவர் என்னைப் போல ஒரு பாஸைக் கூப்பிட்டு விலை கேட்டால், நான் குனிந்து பார்த்தவுடன் முதலில் சொல்வது "துளைக்கு சீல் அடிக்கவில்லையே" என்பதாகத்தான் இருக்கும். அதை மறைக்க முடியாது.

றிஸ்வான்

சரி, அதை ஏற்கிறேன். ஆனால் எழுதினால் முழுப் பலகைக்கும் பணம் கேட்பார் என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை. வாடிக்கையாளர் ஒரு விரலைக் கண்டால் கையைப் பிடிப்பார்.

செல்வநாயகம்

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு, தம்பி. அதனால்தான் அந்த ஒரு பந்தியை எப்படிக் கட்டுவது என்பதில் நேரம் செலவழிக்க வேண்டும். இந்த முறைப்பாட்டில் கடினமான இடம் அது ஒன்றுதான். தாமதமும் கதவும் நேராக ஒப்புக்கொண்டு நேராகத் திருத்த வேண்டியவை. பலகையில் மட்டும் இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்கின்றன: நீர் வந்தது ஒரு காரணம், வந்த நீரைப் பலகை குடித்தது இன்னொரு காரணம்.

நான் எழுதினால் வரிசையை மாற்றுவேன். முதலில் கண்டதை எழுதுவேன், அளவுகளுடன். இரண்டாவதாக, நாம் செய்யாமல் விட்டதை எழுவாயுடன் எழுதுவேன்: "நாம் பூசவில்லை." "பூசப்படவில்லை" என்று எழுத வேண்டாம், யார் பூசவில்லை என்பதை ஒளித்ததாக அவர் நினைப்பார், அந்த எண்ணம் வந்தால் அடுத்த வரியும் வீண். மூன்றாவதாக, அது எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்று எல்லை போடுவேன். கடைசியாகத்தான் ட்ராப். அதையும் "உங்கள் பிளம்பரே காரணம்" என்று எழுதமாட்டேன். ஏன் கசிந்தது என்று உங்களுக்குத் தெரியாது: நட் சரியாக இறுகவில்லையோ, வாஷர் வெடித்ததோ, யாரும் பாத்திரத்தால் தட்டினார்களோ. தெரிந்தது, எங்கிருந்து சொட்டியது என்பதும் அந்த இணைப்பு உங்கள் வேலையில் இல்லை என்பதும். அந்த இரண்டையும் மட்டும் எழுதுங்கள். ஆளைக் குற்றம் சாட்டினால் அவர் ஆளைக் காப்பாற்ற வருவார். பொருளைச் சொன்னால் பொருளைப் பார்ப்பார்.

இன்னொரு சிறிய விடயம். அவருடைய மின்னஞ்சலுக்குப் பதில் எழுதும்போது "தாங்கள் கூறியவாறு தரமற்ற பலகை..." என்று அவருடைய வர்ணனையை எடுத்து எழுதும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. "கூறியவாறு" என்றால் அவர் கூறியதை நீங்கள் ஒத்துக்கொண்டதாகிவிடும். "தாங்கள் குறிப்பிட்ட மூன்று விடயங்கள்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

நிரஞ்சனா

எல்லாவற்றையும் வைத்து மீண்டும் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து பாருங்கள்.

"அன்புடையீர்,

மே 16ஆம் திகதி தாங்கள் அனுப்பிய மின்னஞ்சலில் குறிப்பிட்ட மூன்று விடயங்களையும் 19ஆம் திகதி தங்கள் வீட்டுக்கு வந்து பார்வையிட்டோம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பதில் தருகிறோம்.

மார்ச் 14ஆம் திகதி முடித்துத் தருவதாகக் கூறிய வேலையை நாம் 25ஆம் திகதியே முடித்தோம். தாங்கள் தெரிவு செய்த நிறப் பலகை எமக்குப் பிந்திக் கிடைத்ததே காரணம். அதை நாம் தங்களுக்கு முன்கூட்டியே அறிவிக்கவும் இல்லை. பதினொரு நாட்கள் சமையலறை இல்லாமல் தாங்கள் பட்ட சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்கிறோம்.

மேல் அலுமாரியின் இரண்டு கதவுகளும் சரிந்தமைக்குக் காரணம், நாம் பொருத்திய பிணைச்சல்களின் திருகாணிகள் பிடி விட்டமை. அவற்றை இம்மாதம் 24ஆம் திகதி காலை வந்து, இடத்தை மாற்றித் துளையிட்டுப் புதிய பிணைச்சல்களுடன் பொருத்தித் தருகிறோம். இதற்குக் கட்டணம் இல்லை.

சிங்க் அலுமாரியின் 18 மில்லிமீற்றர் அடிப்பலகை பின்பக்கத் துளையின் ஓரத்தில் 23 மில்லிமீற்றராகவும், மற்றத் துளையின் ஓரத்தில் 21 மில்லிமீற்றராகவும், இடப்பக்கப் பலகை அடி மூட்டில் 20 மில்லிமீற்றராகவும் ஊதியுள்ளன. ஏனைய இடங்களில் மாற்றமில்லை. குழாய்களுக்காக நாம் வெட்டிய இரண்டு துளைகளின் ஓரங்களுக்கு சிலிக்கன் பூசியிருக்க வேண்டும், நாம் பூசவில்லை. பூசியிருந்தால் சொட்டிய நீர் அடிப்பலகைக்குள் இவ்வளவு விரைவாக இறங்கியிராது. அதே வேளை, நீர் வந்தது மே 2ஆம் திகதி தாங்கள் அனுப்பிய படத்தில் காணப்படும் கழிவுநீர் ட்ராப்பின் இணைப்பிலிருந்தாகும். குழாய் இணைப்புகள் எமது விலைமதிப்பின் நான்காம் விடயத்தின்படி எமது வேலையில் அடங்கவில்லை. ஆகவே அடிப்பலகையை, துளைகளை முறையாக அடைத்து, எமது செலவில் மாற்றித் தருகிறோம். இடப்பக்கப் பலகையை மாற்ற 27,000 ரூபாய் செலவாகும். இது குறித்துத் தங்களுடன் பேச விரும்புகிறோம். இந்த வேலைக்கு முன் ட்ராப்பின் கசிவு திருத்தப்பட்டிருக்க வேண்டும்.

அலுமாரியின் ஏனைய பகுதிகள் பாவனையில் குறையின்றி இருப்பதால், முழுத் தொகையையும் திருப்பிக் கேட்கும் தங்கள் கோரிக்கையை எம்மால் ஏற்க இயலவில்லை."

தர்ஷினி

அக்கா, வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எனக்கு இந்தக் கடிதம் வந்திருந்தால் நான் 1977க்கு அழைத்திருக்கமாட்டேன். "முன்கூட்டியே அறிவிக்கவும் இல்லை" என்ற இடத்தில் என் கோபம் பாதி இறங்கியிருக்கும், அவர் கேட்காததை நீங்களாகச் சொன்னதால். ஆனால் "பேச விரும்புகிறோம்" என்பது எனக்குப் பிடிக்கவில்லை. பணம் தரச் சொல்கிறீர்களா இல்லையா என்று விளங்கவில்லை.

கல்கிசை வாசி

தர்ஷினி சொல்வது சரி, ஆனால் நான் அதைத் திறந்த கடிதத்தில் தெளிவாக்கமாட்டேன். பக்கப்பலகையில் பாதியை நாங்கள் ஏற்கிறோம் என்று இங்கே எழுதினால் பாதி உங்கள் பிழை என்ற கணக்காகிவிடும். அதைத் தனிக் கடிதத்தில், மிகுதி 100,000 ரூபாயைச் செலுத்துவதுடன் இணைத்து, ஒரு முடிவான ஒழுங்காக முன்வையுங்கள். திறந்த கடிதத்தில் "இது பற்றித் தனியாக எழுதுகிறோம்" என்று இருந்தால் போதும். அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்ய வேலை முடிந்ததிலிருந்து மூன்று மாதம் அவருக்கு உண்டு, அதாவது ஜூன் 25 வரை. அந்த நாள் கழியட்டும் என்று பதிலை இழுத்தடிக்க வேண்டாம். இழுத்தடித்தது கோப்பில் தெரியும்.

செல்வநாயகம்

இந்த ஒரு இடத்தில் நான் வேறுபடுகிறேன். 27,000 ரூபாய்க்காக இரண்டாவது கடிதம், அதற்கொரு சட்டத் தலைப்பு என்றால் சாதாரண குடும்பப் பெண் ஒருவர் மிரண்டுபோவார். என் காலத்தில் இத்தனை சிறிய தொகையை நேரில் சென்று பேசி, உடன்பட்டதை இரண்டு வரியில் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்வோம். "நல்லெண்ணத்தின் பேரில்" என்ற சொல்லை அந்த இரண்டு வரிக்குள் வைப்போம். "நட்டஈடு" என்ற சொல்லை வைக்கமாட்டோம். சட்டத்தரணி சொல்வதில் பாதுகாப்பு அதிகம், அதை மறுக்கவில்லை. எதைக் கூடுதலாக இழக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கடைசிப் பந்தியில் "ஏற்க இயலவில்லை" என்று நேராக மறுத்தது நல்லது. மறுப்பை மென்மையாக்குகிறேன் என்று "பரிசீலிக்கிறோம்" என்று எழுதினால் அவர் காத்திருப்பார்.

நிரஞ்சனா

20ஆம் திகதி அனுப்பினேன். "பேச விரும்புகிறோம்" என்பதை எடுத்துவிட்டு "தனியாக அறியத்தருகிறோம்" என்று மாற்றினேன்.

நிரஞ்சனா

இரண்டு வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். கதவுகள் பொருத்தியாயிற்று. தாமதம் பற்றி அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. முழுப் பணம் என்ற பேச்சையும் விட்டுவிட்டார். ஆனால் பலகையில் ஒரு புதிய விடயம் வந்திருக்கிறது. அவருடைய பிளம்பர், தான் பொருத்தியபோது ட்ராப் சரியாகத்தான் இருந்தது, ஏப்ரல் 9ஆம் திகதி உங்கள் ஆட்கள் லாச்சி திருத்த வந்தபோதுதான் அது அசைந்திருக்க வேண்டும் என்கிறாராம். அன்றைக்கு எங்கள் பையன் போனது உண்மை. அடுப்புப் பக்கத்து லாச்சியைத்தான் திருத்தினேன், சிங்க் பக்கம் போகவில்லை என்கிறான். இதற்கு உடனே மறுப்பு எழுதட்டுமா?

செல்வநாயகம்

எழுத வேண்டாம், மகள். பையன் சொல்வது உண்மையாக இருக்கலாம், ஆனால் இப்போது உங்களிடம் இருப்பது ஒருவர் வாய்ச்சொல்லுக்கு எதிராக இன்னொருவர் வாய்ச்சொல். "ஏப்ரல் 9ஆம் திகதி வந்தது உண்மை, அன்று செய்த வேலை அடுப்புப் பக்க லாச்சி என்று எமது வேலைப் பதிவில் உள்ளது" என்ற அளவில் நிறுத்துங்கள், பதிவு உண்மையிலேயே இருந்தால். ட்ராப்பைத் தொடவில்லை என்று நீங்கள் பார்க்காததை எழுத வேண்டாம். பழைய ட்ராப்பைக் கழற்றிவிட்டார்களா?

மரவேலை மனோ

கழற்றியிருந்தால் எறிய வேண்டாம் என்று சொல்லுங்கள். நட்டின் மரை கோணலாக ஏறியிருந்தால் பிளாஸ்டிக்கில் அந்தக் காயம் தெரியும். அது பொருத்தும்போது வருவது. மரை சுத்தமாக இருந்து நட் வெறுமனே தளர்ந்திருந்தால் யார் தளர்த்தியது என்று பொருளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நிரஞ்சனா

கேட்டேன். புதியதைப் பொருத்தியபோது பழையதை ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறாராம். அடிப்பலகை மாற்ற வரும் சனிக்கிழமை போகிறோம். அவருடைய பிளம்பரையும் வரச்சொல்லி மூன்று பேரும் சேர்ந்து அதைப் பார்ப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறோம். பக்கப்பலகையின் 27,000 ரூபாயை அதுவரை பேசவில்லை. வேலைப் பதிவுப் புத்தகத்தில் ஏப்ரல் 9க்கு நேரே "லாச்சி" என்று மட்டும்தான் இருக்கிறது, எந்த லாச்சி என்று இல்லை.

செல்வநாயகம்

அப்படியானால் கடிதத்திலும் "லாச்சி" என்று மட்டும் இருக்கட்டும்.